ஜிம், புரோட்டீன் பவுடர், 1.5 கிரியேட்டினின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர், எனக்கு வயது 24. வெளிநாட்டு வேலைக்கு எடுத்த மெடிக்கலில் கிரியேட்டினின் 1.5 வந்திருக்கிறது. ஜிம் போகிறேன், புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும் எடுக்கிறேன். கிட்னி போய்விட்டதா?

இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. போகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜிம்கள் பெருகிய பிறகு இதே கேள்வியோடு வரும் பையன்கள் அதிகம். பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகித்துவிட்டு விடக்கூடாது.

கிரியேட்டினின் தசையில் பிறக்கிறது, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறினால், ஒன்று வெளியேறுவது குறைந்திருக்க வேண்டும், அல்லது பிறப்பது கூடியிருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்யாத 60 வயதுக்காரருக்கு 1.5 வந்தால் வெளியேறுவது குறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன். தோள்பட்டை சட்டையை முட்டும் 24 வயதுப் பையனுக்கு அதே 1.5 வந்தால் இரண்டு வழியையும் பார்த்தாக வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை.

கிரியேட்டின் குடித்தால் கிரியேட்டினின் ஏன் ஏற வேண்டும்? எவ்வளவு வரைக்கும் ஏறும்?

நாம் வெளியிலிருந்து எடுக்காவிட்டாலும் உடம்பு கிரியேட்டினைத் தானே தயாரிக்கிறது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. அதில் 95 சதவீதம் தசையில் தங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணிடம் மொத்தம் சுமார் 120 கிராம் இருக்கும். இந்த இருப்பில் தினமும் 1.7 சதவீதம் அளவுக்கு எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே கிரியேட்டினினாக மாறிவிடும். அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம். திரும்பப் பயன்படாத கழிவு அது.

இப்போது தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் பவுடர் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சில வாரங்களில் தசையின் இருப்பு 20, 25 சதவீதம் கூடும். 120 கிராம் 150 ஆகும். அதில் 1.7 சதவீதம் என்றால் இரண்டரை கிராம். சிறுநீரகம் முன்பு போலவே வேலை செய்தாலும், கழிவு கால்பங்கு கூடிவிட்டதால் ரத்த அளவும் கால்பங்கு கூடும். 1.1 இருந்தவருக்கு 1.3, 1.4 வருவது இப்படித்தான்.

இந்தக் கணக்கில் ஓர் எல்லையும் இருக்கிறது. தசை ஓரளவுக்கு மேல் நிரம்பாது, மிச்சம் கிரியேட்டினாகவே சிறுநீரில் போய்விடும். அதனால் கிரியேட்டினின் 2.5, 3 என்று வந்தவர் பவுடர் மேல் பழிபோட முடியாது. அந்த அளவுக்கு ஏற்ற அதனால் முடியாது. அப்படி வந்தவர் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

இன்னொன்று: கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்பதுதான் பல காலம் ஆராயப்பட்ட வகை. கிரியேட்டின் எத்தில் எஸ்டர் என்று ஒன்று விற்கிறார்கள். அது தசைக்குப் போவதற்கு முன்பே பெருமளவு கிரியேட்டினினாகச் சிதைந்துவிடும். பயன் குறைவு, ரிப்போர்ட்டில் பயம் அதிகம். டப்பாவைத் திருப்பி என்ன வகை என்று படித்துவிட்டு வாருங்கள். 'கிரியேட்டின் எடுப்பதில்லை' என்பவர்களின் மாஸ் கெயினரிலும் பிரீ-வொர்க்அவுட்டிலும் அது கலந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

யூரியாவும் 54 இருக்கிறதே. இரண்டும் ஏறினால் கிட்னிதான் என்று லேப்பில் சொன்னார்கள்.

லேப்பில் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன், பொதுவாக அப்படித்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் இரண்டு தனிக் காரணங்கள் இருக்கலாம். நீங்கள் சாப்பிடும் புரதத்தில் உடம்புக்கு மிஞ்சியதைக் கல்லீரல் உடைக்கிறது, அதில் வரும் நைட்ரஜன் யூரியாவாகிறது. காலையில் ஒரு ஸ்கூப், மாலையில் ஒரு ஸ்கூப், நடுவில் ஆறு முட்டை, கோழி என்று நாளுக்கு 150 கிராம் புரதம் போனால் யூரியா 50ஐத் தாண்டுவது அதிசயமில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இன்னும் ஏறும்.

ஆக, புரோட்டீன் பவுடர் யூரியாவை ஏற்றுகிறது, கிரியேட்டின் பவுடர் கிரியேட்டினினை ஏற்றுகிறது. சேர்த்துப் பார்த்தால் சிறுநீரக நோயாளியின் ரிப்போர்ட் போலவே அச்சாகி வரும். ஜிம் போகிறவர்களின் ரிப்போர்ட்டில் இருக்கும் பெரிய பொறி இதுதான். இரண்டு சாட்சிகள் ஒரே பக்கம் நிற்பது போலத் தெரிகிறது, ஆனால் இருவருமே நீங்கள் வாங்கிய டப்பாவிலிருந்து வந்தவர்கள்.

ரிப்போர்ட்டில் இ-ஜி.எஃப்.ஆர். 66, 'ஸ்டேஜ் 2' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நோய் ஆரம்பித்துவிட்டதா?

இ-ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு. அந்த 66 யாரும் அளந்து பார்த்த எண் அல்ல. உங்கள் கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றை மட்டும் ஒரு சூத்திரத்தில் போட்டு வந்தது. உங்களுக்கு எவ்வளவு தசை, என்ன பவுடர் குடிக்கிறீர்கள் என்பதெல்லாம் சூத்திரத்துக்குத் தெரியாது. 24 வயது ஆணுக்குச் சராசரியாக இருக்கும் தசைதான் உங்களுக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது.

60க்கும் 89க்கும் இடையில் இருந்தால் கணினி 'ஸ்டேஜ் 2' என்று போட்டுவிடும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல அது போதாது. சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள், ஸ்கேனில் கோளாறு என்று பாதிப்புக்கான அடையாளம் ஒன்றாவது வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்.

சிஸ்டாட்டின் சி என்றால் என்ன? அதற்கு மட்டும் பவுடர் விஷயம் எப்படித் தெரியும்?

அதற்குப் பவுடரைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால்தான் உதவுகிறது. சிஸ்டாட்டின் சி ஒரு சின்னப் புரதம். உடம்பில் கரு உள்ள எல்லாச் செல்களும் அதை ஏறக்குறைய ஒரே சீராகத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. தசைக்கென்று தனிப் பங்கு இல்லை. சிறியது என்பதால் சிறுநீரக வடிகட்டியில் தடையில்லாமல் இறங்கும். இறங்கியதைச் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் உறிஞ்சிச் சிதைத்துவிடும், ரத்தத்துக்குத் திரும்பாது. எனவே ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வடிகட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

நீங்கள் குடிக்கும் கிரியேட்டின் சிஸ்டாட்டினாக மாறாது. முந்தைய நாள் சாப்பிட்ட மட்டனும் அதை ஏற்றாது. கிரியேட்டினின் விஷயம் அப்படியில்லை. சமைத்த இறைச்சியில் கிரியேட்டினினே இருக்கிறது, ஒரு பிளேட் சுக்கா சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் ரத்த அளவு ஏறியே நிற்கும்.

2008இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். ஆரோக்கியமான ஆண்களுக்கு மூன்று மாதம், தினம் 10 கிராம் அளவில் கிரியேட்டின் கொடுத்துச் சிஸ்டாட்டின் சி பார்த்தார்கள். அது ஏறவில்லை. கவனியுங்கள், எல்லாரும் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள்.

இந்த டெஸ்ட் குன்னூரில் கிடைக்குமா? வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

மலையில் ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் சேகரிப்பு மையங்கள் வழியாகச் செய்யலாம். விலை கிரியேட்டினினைப் போலப் பல மடங்கு, அதனால் எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் எழுத மாட்டேன். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதே நாளில், அதே ஊசியில் கிரியேட்டினினும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. கிரியேட்டினினுக்காக முந்தைய நாள் இறைச்சி வேண்டாம், இரண்டு மூன்று நாள் கனமான பளு வேண்டாம், சாதாரணமாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சீரம் பிரித்துக் குளிரில் வைத்திருந்தால் சிஸ்டாட்டின் சி சில நாள் கெடாது. அதே குழாயில் பொட்டாசியமும் எழுதியிருந்தால்தான் சிக்கல். சீரம் பிரிக்காத ரத்தம் நேரம் கடந்தால் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து பொய்யாக ஏறும். கிரியேட்டினின் 1.5, பொட்டாசியம் 6 என்று ஒரே தாளில் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அப்போது முதல் வேலை, உள்ளூரிலேயே உடனே பொட்டாசியத்தைத் திரும்பப் பார்ப்பது.

ரிப்போர்ட் வந்ததும் அலகைப் பாருங்கள். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், சிஸ்டாட்டின் லிட்டருக்கு மில்லிகிராம். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை. லேப் தன் முறைக்கு ஏற்ற வரம்பைப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள்.

ஒருவருடைய கணக்கை முழுசாகக் காட்ட முடியுமா? எண்ணாகப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது.

சரி. வயது 24, எடை 78 கிலோ, இரண்டு வருடமாகப் பளு தூக்குகிறார். தினம் 5 கிராம் கிரியேட்டின், இரண்டு ஸ்கூப் புரோட்டீன். மெடிக்கலுக்கு முந்தைய மாலை கால் பயிற்சி, இரவு பிரியாணி, காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரத்தம் கொடுத்தார். கிரியேட்டினின் 1.5. கணக்குப்படி இ-ஜி.எஃப்.ஆர். 66.

முதலில் பார்த்தது ரத்த அழுத்தம்: 122/76. அடுத்தது சிறுநீர். ஸ்ட்ரிப்பில் புரதமும் இல்லை, ரத்தமும் இல்லை. சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 6, அதாவது 30க்கு வெகு கீழே. இந்த விகிதத்தை நம்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தசை அதிகம் உள்ளவரின் சிறுநீரில் கிரியேட்டினின் அதிகம். அது கீழே வகுக்கும் எண் என்பதால் விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 6 என்று வந்தால் கவலையில்லை. 25 என்று வந்திருந்தால் 30க்குக் கீழேதானே என்று விட்டிருக்க மாட்டேன். மறுபக்கம், கடும் பயிற்சி செய்த மறுநாள் யாருக்கும் கொஞ்சம் அல்புமின் போகும். அதனால் இந்தச் சோதனையையும் ஓய்வுக்குப் பிறகே எடுக்க வேண்டும்.

மெடிக்கலுக்கு எடுத்த அதே ரத்தத்தில் பிரித்து வைத்த சீரத்திலேயே சிஸ்டாட்டின் சி பார்த்தோம். 0.84. போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, சிஸ்டாட்டின் 0.8க்கு மேல் உள்ள ஆண்களுக்கான சூத்திரம்:

```
133 × (0.84 / 0.8)^-1.328 × 0.996^24 = 113
```

ஒரே ஆள், ஒரே சிறுநீரகம். கிரியேட்டினின் 66 என்கிறது, சிஸ்டாட்டின் 113 என்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளி வந்தால், ஒன்று வேறு ஏதோ காரணத்தால் விலகியிருக்கிறது என்று அர்த்தம். எது விலகியது என்பதற்கு அவரிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன: தசை, கிரியேட்டின், பிரியாணி, முந்தைய மாலைப் பயிற்சி. சிஸ்டாட்டினைப் பொய்யாகக் குறைக்கக்கூடிய காரணம் எதுவும் இல்லை, தைராய்டும் சரியாக இருந்தது.

கிரியேட்டினை மட்டும் நிறுத்தச் சொன்னேன், புரோட்டீனும் பயிற்சியும் தொடர்ந்தன. தசையில் சேர்ந்த உபரி கரைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாம் நாளே திரும்ப எடுத்துவிட்டு 'குறையவில்லையே' என்று அழுவதில் பயனில்லை. ஆறு வாரம் கழித்து, இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு எடுத்ததில் கிரியேட்டினின் 1.18, சிஸ்டாட்டின் 0.83. இ-ஜி.எஃப்.ஆர். முறையே 88, 115. கிரியேட்டினின் கணக்கு இன்னும் முழுசாக ஏறவில்லை என்பதையும் பாருங்கள். பவுடர் போய்விட்டது, தசை போகவில்லை. அவருக்கு இனி 1.1, 1.2தான் இயல்பு. சிஸ்டாட்டினோ இரண்டு முறையும் கிட்டத்தட்ட நகரவில்லை.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் சிறந்தது என்று படித்தேன். அப்படிப் போட்டால் எனக்கு 90 வருகிறது. எதை நம்புவது?

பொதுவாகச் சேர்த்துப் போடும் சூத்திரம் உண்மைக்கு நெருக்கமாக வரும் என்பது சரிதான். இரண்டின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை, அதனால் சேர்த்தால் மொத்தப் பிழை குறையும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒரு பக்கப் பிழை என்ன, ஏன் என்று நமக்குத் தெளிவாகத் தெரியும்போது, அந்தத் தப்பான எண்ணையும் கலந்து சராசரி எடுப்பதில் பொருளில்லை. மேலே சொன்னவரின் முதல் ரத்தத்தையே எடுத்தால் 66, 113, சேர்த்தால் 90. இந்த 90 ஒரு சமரசம், அவ்வளவுதான். தசை வளர்ப்பவர்களுக்குச் சிஸ்டாட்டின் கணக்கைத் தனியாகப் பார்ப்பதே பொருத்தம்.

அதிலும் சந்தேகம் தீராமல், உதாரணமாகத் தன் சிறுநீரகத்தைத் தானம் கொடுக்க முன்வந்தவர் என்றால், அணு மருத்துவப் பிரிவில் ஊசி போட்டு நேரடியாக அளக்கும் முறை இருக்கிறது. வேலைக்கான மெடிக்கலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சிஸ்டாட்டினும் ஏறியிருந்தால்?

அப்போது பவுடரைக் காரணம் காட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னொரு பையன், வயது 27. அவருக்கும் ஜிம், அவருக்கும் கிரியேட்டின், கிரியேட்டினின் 1.6. ஜிம்மில் 'எல்லாருக்கும் அப்படித்தான் மச்சி, விடு' என்று சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்தம் 150/96. சிறுநீர் ஸ்ட்ரிப்பில் புரதம் இரண்டு பிளஸ், ரத்தமும் இருந்தது. சிஸ்டாட்டின் 1.38, கணக்குப்படி 58. கிரியேட்டினின் கணக்கோ 60. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பயாப்ஸியில் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோய். பவுடர் குடிக்காமல் இருந்திருந்தாலும் அவருக்கு அந்த நோய் இருந்திருக்கும். பவுடர் அதை மறைக்கும் சாக்காக மட்டும் இருந்தது. உண்மையில் அவரைக் காட்டிக்கொடுத்தது செலவு குறைந்த சிறுநீர்ச் சோதனையும் ரத்த அழுத்தமும்தான், சிஸ்டாட்டின் அதை உறுதி செய்தது.

சிஸ்டாட்டினும் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்தால் ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏறும், குறைவாகச் சுரந்தால் இறங்கும். உடல் பருமன், புகை, உடம்பில் பெரிய அழற்சி ஆகியவையும் ஏற்றும். அதனால் காய்ச்சலோடு இருக்கும் வாரத்தில் இதை எடுக்க வேண்டாம். சிஸ்டாட்டின் ஏறி, சிறுநீரும் ரத்த அழுத்தமும் சுத்தமாக இருந்தால் முதலில் இவற்றைக் கேட்பேன்.

ஊசி போடுகிறீர்களா என்றும் கேட்பேன். தசை வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசிகள் சிறுநீரக வடிகட்டியை உண்மையாகவே தழும்பாக்கக்கூடியவை. அப்பா வெளியே போன பிறகு சொன்னால் போதும்.

நாங்கள் ஊட்டி. குளிரில் தண்ணீரே இறங்குவதில்லை. உயரத்தாலும் கிரியேட்டினின் ஏறுமா?

ஊட்டி 2,240 மீட்டர். அங்கேயே வாழ்பவர்களுக்கு அந்த உயரத்தால் 1.5 வராது. குளிரில் தாகம் தெரியாமல் நாள் முழுக்க நான்கு டீயோடு ஓட்டுவதுதான் பிரச்சினை. வியர்வை காய்ந்துவிடுவதால் பயிற்சியில் போன நீரும் தெரியாது. உடம்பு வறண்டிருந்தால் யூரியாவும் கிரியேட்டினினும் உண்மையாகவே கொஞ்சம் ஏறும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும், குடம் குடமாக வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, தசைவலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக்கும் ஐபுப்ரோஃபெனும். உடம்பு வறண்டிருக்கும்போது அவற்றைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் நிஜமாகவே அடிவாங்கும்.

சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனது, தொடை தொட முடியாத வலி. இதுவும் பவுடர்தானா?

இதற்குச் சிஸ்டாட்டினுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பல நாள் விட்டுவிட்டு ஒரேயடியாக நூறு ஸ்குவாட் போட்டவர்களுக்குத் தசை சிதைந்து, அதன் நிறமி சிறுநீரகக் குழாயை அடைக்கும். ஸ்ட்ரிப்பில் ரத்தம் இருப்பதாகக் காட்டும், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது. தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்த அளவு ஆயிரக்கணக்கில், சில சமயம் பல்லாயிரக்கணக்கில் போகும். நேரத்தோடு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

சோதனை எல்லாம் சரியாக வந்தால் கிரியேட்டினைத் தொடரலாமா?

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் தினம் 3 முதல் 5 கிராம் மோனோஹைட்ரேட் எடுப்பதை நான் தடுப்பதில்லை. முதல் வாரம் 20 கிராம் 'லோடிங்' தேவையில்லை, 5 கிராமிலேயே மூன்று நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர், ஒரே சிறுநீரகம் உள்ளவர், குடும்பத்தில் பலகட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர் தானாக ஆரம்பிக்க வேண்டாம். தொடர்பவர் அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் பவுடர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இதே கதை மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

மெடிக்கல் எடுத்த இடத்தில் 'அன்ஃபிட்' என்று போட்டுவிட்டார்கள். இந்த ரிப்போர்ட்டுகளைக் காட்டினால் மாற்றுவார்களா?

மாற்றுவது அவர்கள் விதியைப் பொறுத்தது. ஆனால் வெறும் தாள்களை நீட்டுவதைவிட ஒரு கடிதத்தோடு போனால் பேசுவதற்கு இடம் கிடைக்கும். கடிதத்தில் நான் எழுதுவது: முதல் கிரியேட்டினின் எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது, கிரியேட்டின் எப்போது நிறுத்தப்பட்டது, நிறுத்திய பின் வந்த கிரியேட்டினின், இரண்டு தேதிகளின் சிஸ்டாட்டினும் அதன் இ-ஜி.எஃப்.ஆரும், சிறுநீர் அல்புமின் விகிதம், ரத்த அழுத்தம், சிறுநீரக ஸ்கேன். மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்தால் அதற்கு ஆறு வாரம் முன்பே கிரியேட்டினை நிறுத்திவிடுங்கள், கடைசி மூன்று நாள் ஜிம் பக்கம் போகாதீர்கள், முந்தைய இரவு பிரியாணி வேண்டாம்.